நடுவிலேயே கலங்கிய வாசிப்பு: பீட்டா தலசீமியா பரிசோதனையில் ஒரு சாங்கர் குரோமாட்டோகிராம்

இது மதுரையில் உள்ள ஒரு சிறிய மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் நடந்தது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம். டிஎன்ஏ எழுத்துகளை நிறச் சிகரங்களாகக் காட்டும் சாங்கர் படத்தில், வாசிப்பின் முனைகளில் தரம் குறைவதும், ஒருவரின் இரண்டு மரபணுப் பிரதிகள் வேறுபடுவதால் இரட்டைச் சிகரங்கள் வருவதும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று போலவே தெரியும். இந்த நிகழ்வில் அந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் முழு வேலையாக இருந்தது.

பின்னணி

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த தம்பதி. மனைவிக்கு எட்டாவது வாரக் கர்ப்பம், முதல் குழந்தை. கணவர் அவருக்குத் தாய்மாமன் மகன். கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில் மனைவிக்கு ஹீமோகுளோபின் 10.2, சிவப்பணுவின் சராசரி அளவு 64 என்று வந்திருந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் அந்த அளவு ஏறவில்லை. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்த்ததில் ஏ2 5.2 சதவீதம். கணவருக்கு 5.4. இந்த எண் 4 சதவீதத்தைத் தாண்டி, சிவப்பணுவும் சிறுத்திருந்தால் அவர் பீட்டா தலசீமியா தாங்கி, அதாவது ஒரு பிரதியில் மட்டும் பிழை உள்ளவர், என்றே எடுத்துக்கொள்கிறோம்.

இருவருமே தாங்கிகள் என்றால் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பனிக்குடத்துக்கு வெளியே உள்ள கோரியான் திசுவை 11 முதல் 13 வாரத்துக்குள் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் பெற்றோரின் மரபணுப் பிழை இன்னது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் கருவில் எதைத் தேடுவது என்று தெரியும். எங்களுக்கு இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவான அவகாசம்.

பீட்டா குளோபின் மரபணு சிறியது. அதன் முதல் பாதியை ஒரே பிசிஆர் துண்டாக எடுத்தோம். ஊக்கிப் பகுதி, முதல் எக்ஸான், முதல் இன்ட்ரான், இரண்டாவது எக்ஸான், அப்புறம் இரண்டாவது இன்ட்ரானின் தொடக்கம் எல்லாம் அதில் அடங்கும். மொத்தம் சுமார் 715 எழுத்துகள். முன் பிரைமர் புரத வரிசை தொடங்கும் ATG-க்குச் சுமார் 170 எழுத்து முன்னால் இருந்தது. இந்தியாவில் அதிகம் காணப்படும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தத் துண்டுக்குள்ளேயே வந்துவிடும். சுத்தம் செய்த துண்டை வெளியூருக்கு அனுப்பி, இரண்டு பக்கமிருந்தும் படிக்கச் சொன்னோம். நான்காம் நாள் `.ab1` கோப்புகள் வந்தன.

கணவரின் கோப்பு

கணவரின் படம் எளிது. இரண்டு பிரதிகளும் வேறுபடும் சரியான ஹெட்டரோசைகஸ் இடம் எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம் என்பதால் முதலில் அதைச் சொல்கிறேன்.

சாங்கர் முறையில், ஒவ்வொரு எழுத்திலும் நின்றுபோன துண்டுகள் நீள வரிசையில் நுண்குழாயிலிருந்து வெளியே வருகின்றன. கடைசி எழுத்தில் ஒட்டிய சாயத்தின் நிறத்தைக் கருவி பார்க்கிறது. திரையில் A பச்சை, C நீலம், G கருப்பு, T சிவப்பு. இரண்டு பிரதிகளும் ஒரே எழுத்தாக இருந்தால் அந்த இடத்தில் ஒரே சிகரம் வரும். வேறு வேறாக இருந்தால் ஒரே இடத்தில் இரண்டு நிறச் சிகரங்கள் எழும், ஒவ்வொன்றும் வழக்கமான உயரத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கும்.

கணவரின் முன்வாசிப்பில் சுமார் 267-வது எழுத்தில் அப்படியொன்று இருந்தது.

```
இயல்பு : GGCAGGTTGGTATCAAGG
கணவர்  : GGCAGGTTGSTATCAAGG
```

S என்றால் அங்கே C-யும் G-யும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்து அது. IVS1-5 (G>C) என்று எல்லாரும் அறிந்த பிழை, இந்தியாவில் மிகப் பரவலானது.

அதை ஏற்குமுன் நான்கு விஷயங்களைப் பார்த்தோம். நீலச் சிகரமும் கருப்புச் சிகரமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே நடுக்கோட்டில் இருந்தன. கருப்புச் சிகரம், அதே தட்டில் ஓடிய இயல்பான மாதிரியில் அதே இடத்தில் இருந்த கருப்புச் சிகரத்தைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. இந்த ஒப்பீட்டைப் பக்கத்துச் சிகரத்தோடு செய்யக் கூடாது. ஒரு சிகரத்தின் உயரம் அதற்கு முன்னால் வரும் எழுத்துகளைப் பொறுத்தும் மாறும், அதனால் வேறொருவரின் அதே இடத்தோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம் உண்டு. பின்வாசிப்பிலும் அதே இடத்தில் இரட்டைச் சிகரம் இருந்தது. கடைசியாக, இரண்டு பக்கமும் சுற்றியுள்ள அடித்தளம் சுத்தமாக இருந்தது, வேறு எங்கும் சின்னச் சின்ன நிறங்கள் தலைகாட்டவில்லை.

இதில் பின்வாசிப்புதான் வலுவான சான்று. ஒரு பக்கத்தில் மட்டும் தெரியும் இரட்டைச் சிகரம் பெரும்பாலும் வேதிவினையின் கோளாறாகவே முடிகிறது.

மனைவியின் கோப்பு வந்தபோது

மனைவியின் கோப்புகளை மென்பொருள் முதலில் வெட்டிச் சீர்படுத்தியது. இருபது எழுத்து கொண்ட ஒரு சன்னலை வாசிப்பின் மேல் நகர்த்திக்கொண்டே போய், அதில் தரமதிப்பின் சராசரி Q20-க்குக் கீழே எங்கே விழுகிறதோ அங்கே வெட்டும்படி அமைத்திருந்தோம். Q20 என்றால் நூறு எழுத்தில் ஒன்று தவறாக இருக்கலாம் என்ற மதிப்பீடு, Q30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. முன்வாசிப்பை அது 425-ஐ ஒட்டி வெட்டியது. பின்வாசிப்பை 290-ஐ ஒட்டி வெட்டியது. மிச்சமிருந்த இரண்டு துண்டுகளும் இயல்பான வரிசையோடு அப்படியே பொருந்தின, ஓரிடம் தவிர.

அந்த ஓரிடம் புரத வரிசையின் ஒன்பதாவது எழுத்து, c.9T>C. அங்கே நீலமும் சிவப்பும் சரிபாதியாக இருந்தன. இது நோய் எதையும் தராத, மிகச் சாதாரணமான வேறுபாடு. ஆனால் எங்களுக்கு அது முக்கியமாக இருந்தது. ஒரு பிரதியில் T, இன்னொன்றில் C இருக்கிறது என்றால் பிசிஆரில் இரண்டு பிரதிகளும் பெருகியிருக்கின்றன. பிரைமர் ஒட்டும் இடத்தில் ஏதோ மாற்றம் இருந்து ஒரு பிரதி முற்றிலும் விடுபட்டுப்போகும் ஆபத்து உண்டு. அப்படி விடுபட்டால் படம் அழகாக, சுத்தமாக, தவறாக இருக்கும். இங்கே அது நடக்கவில்லை என்று இந்த ஓர் எழுத்து சொல்லிவிட்டது.

வரைவு அறிக்கை ‘இந்தப் பகுதியில் நோய் தரும் மாற்றம் காணப்படவில்லை, இரண்டு வாசிப்புகளும் பாதியில் தரம் குறைந்துள்ளன’ என்று தயாரானது. கோப்புகளைத் திறந்து பார்த்த தொழில்நுட்பப் பணியாளர் வந்து கேட்டார்: “மேடம், ரெண்டு பக்கமும் நடுவுலயே குவாலிட்டி போயிருச்சு. மறுபடி அனுப்பிரலாமா?”

அனுப்பியிருந்தால் இன்னும் நான்கைந்து நாள் போயிருக்கும். அதே படம்தான் திரும்ப வந்திருக்கும்.

முதலில் ஒதுக்கியது: 75-ஐ ஒட்டிய சிவப்பு மேடு

வெட்டாத மூலக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து படித்தோம். முதல் 35 எழுத்துகள் வழக்கம்போல் கலங்கலாக இருந்தன. பிரைமரை ஒட்டி வரும் மிகக் குட்டையான துண்டுகள் ஒழுங்காகப் பிரிவதில்லை. அவற்றில் சாயத்தின் எடைதான் ஓட்டத்தை அதிகம் பாதிக்கிறது, அதனால் இடைவெளி சீராக இருக்காது. அந்த 35 எழுத்துகளில் மென்பொருள் என்ன எழுதியிருந்தாலும் நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

75-ஐ ஒட்டி ஒரு பெரிய சிவப்பு மேடு இருந்தது. அதன் கீழிருந்த ஒரு நீலச் சிகரத்தை மென்பொருள் Y, அதாவது C-யும் T-யும் சேர்ந்தது, என்று குறித்திருந்தது. இது ஹெட்டரோசைகஸ் இடம் அல்ல. மேட்டின் அகலமே அதைக் காட்டிக்கொடுத்தது: ஐந்தாறு எழுத்துகளின் மேல் அது பரவிக் கிடந்தது. ஓர் எழுத்துக்குரிய சிகரம் அப்படிப் பரவாது. அதோடு கீழே இருந்த நீலச் சிகரம் பாதியாகக் குறையவில்லை, முழு உயரத்தில் இருந்தது. பாதிப் பிரதிகளில் அந்த எழுத்து மாறியிருந்தால் நீலம் கட்டாயம் குறைந்திருக்க வேண்டும். எதிலும் சேராமல் மிஞ்சிய சாய எழுத்துகள் சுத்தம் செய்யும் கட்டத்தில் முழுதாக வெளியேறாமல் இருந்தால், 70 முதல் 90 வரையான இடத்தில் இப்படிக் கூடி வரும். சாய மேடு என்று குறித்துவிட்டு நகர்ந்தோம்.

425-ல் என்ன நடந்தது

அதன் பிறகு 424 வரை படம் மிகச் சுத்தம். ஒவ்வொரு சிகரமும் ஒடுங்கி, தனித்து, சம இடைவெளியில் நின்றது. 425-ல் தொடங்கி திடீரென்று எல்லா இடத்திலும் இரண்டு நிறம்.

இதுதான் கலக்கத்துக்கும் தரக்குறைவுக்கும் உள்ள முதல் வித்தியாசம். வாசிப்பின் கடைசியில் தரம் குறைவது எப்போதும் மெதுவாகத்தான் நடக்கும். துண்டு நீளமாக ஆக ஆக, ஓர் எழுத்து அதிகமுள்ள அடுத்த துண்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் விகிதத்தில் குறைந்துகொண்டே வருகிறது. சிகரங்கள் மெல்ல அகன்று, தாழ்ந்து, ஒன்றோடொன்று சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். எந்த எழுத்தில் அது தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இங்கே விரல் வைக்க முடிந்தது.

இரண்டாவது, 425-க்குப் பிறகும் சிகரங்கள் அகலவில்லை. முன்பு இருந்த அதே ஒடுக்கம், அதே இடைவெளி. இரண்டு நிறங்களும் உயரத்தில் பாதிப் பாதியாக இருந்தன. அவற்றின் நடுவே அங்கங்கே ஒற்றை நிறச் சிகரங்கள் முழு உயரத்தில் நின்றன. 425-லிருந்து நான்காவது எழுத்தும் எட்டாவது எழுத்தும் அப்படிச் சுத்தமான சிவப்பு. தரம் கெட்டுப்போன வாசிப்பில் இப்படி நடுவில் ஓர் எழுத்து மட்டும் தலைநிமிர்ந்து நிற்காது. இரண்டு வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, தற்செயலாக அந்த இடத்தில் இரண்டிலும் T வந்தால் மட்டுமே அது நடக்கும்.

மூன்றாவதாக, பதப்படுத்தாத மூல சமிக்ஞையைத் திறந்தோம். நாம் வழக்கமாகப் பார்க்கும் படத்தில் மென்பொருள் உயரங்களைச் சமப்படுத்திவிடுகிறது. வலுவிழந்த சமிக்ஞைகூட அதில் பெரிதாகத் தெரியலாம். மூலத்தில் பார்த்தால் 425-ல் சமிக்ஞை விழவே இல்லை, சீராகப் போய் 600-ஐத் தாண்டித்தான் தணிந்தது. அதே தட்டில் கணவரின் மாதிரி 640 வரை சுத்தமாக ஓடியிருந்தது. கருவியையோ வேதிப்பொருளையோ குறை சொல்ல வழியில்லை.

அப்படியென்றால் இரண்டு வரிசைகள் எங்கிருந்து வந்தன? மாதிரி வேறொருவருடையதோடு கலந்திருந்தால் வேறுபாடுகள் அங்கங்கே ஓர் எழுத்தாகத் தெரியும், ஓரிடத்தில் தொடங்கி முழுவதும் கலங்காது. துண்டின் இரண்டு இடங்களில் பிரைமர் ஒட்டியிருந்தால் முதல் எழுத்திலிருந்தே கலங்கியிருக்கும். ஒரே எழுத்து பத்துக்கும் மேல் தொடர்ந்து வரும் இடத்தைக் கடக்கும்போது நொதி வழுக்கி, அதன் பிறகு நிழல் சிகரங்கள் வரும். ஆனால் 425-க்கு முன்னால் அப்படிப்பட்ட தொடர் எதுவும் இல்லை. எஞ்சிய விளக்கம் ஒன்றுதான்: ஒரு பிரதியில் சில எழுத்துகள் குறைந்தோ கூடியோ இருக்கின்றன, அந்த இடத்திலிருந்து ஒரு பிரதி மற்றதைவிட்டு நகர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் தரமதிப்பைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓர் எழுத்துக்கு அடியில் இன்னொரு சிகரம் இருந்தால் மென்பொருள் அதன் மதிப்பைக் குறைத்துவிடும். அது எந்த எழுத்து என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். ஆகவே குறைந்த Q மதிப்பு மோசமான வேதிவினையால் வந்ததா, உண்மையான இரண்டு பிரதிகளால் வந்ததா என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. எண்ணை மட்டும் நம்பி வெட்டும்போது, இந்த வகைப் பிழையைத்தான் முதலில் வெட்டி எறிகிறோம்.

இரண்டு வரிசைகளைப் பிரித்தது

425-க்கு இரண்டு எழுத்து முன்னாலிருந்து கையால் எழுதிப் பிரித்தோம். ஒவ்வோர் இடத்திலும் தெரியும் இரண்டு நிறங்களில், இயல்பான வரிசைக்கு உரியதை அடித்துவிட்டு மிச்சத்தை எழுத வேண்டும். ஒற்றை நிறமாக இருந்தால் அதே எழுத்து இரண்டு வரிசைக்கும் போகும். கலப்புக் குறிகளில் S என்பது C-யும் G-யும், W என்பது A-யும் T-யும், K என்பது G-யும் T-யும், M என்பது A-யும் C-யும், Y என்பது C-யும் T-யும், R என்பது A-யும் G-யும்.

```
படம்   : T T S W K T S M K T Y S K K K R
இயல்பு : T T C T T T G A G T C C T T T G
மிச்சம் : T T G A G T C C T T T G G G G A
```

மிச்ச வரிசையில் வரும் GAGTCCTTTGGGGA-வை இயல்பான வரிசையில் தேடினால், நான்கு எழுத்து தள்ளி அப்படியே கிடைக்கிறது. ஆக ஒரு பிரதியில் நான்கு எழுத்துகள் இல்லை. பதினான்கு எழுத்து வரை பிரித்ததே போதுமானதாக இருந்தது, என்றாலும் இன்னும் முப்பது எழுத்து தாண்டிப் போய்ச் சரிபார்த்தோம். நகர்வு நான்காகவே நீடித்தது.

பின்வாசிப்பு இதை மறுபக்கத்திலிருந்து உறுதி செய்தது. அதன் சுத்தமான பகுதி முடிந்த இடத்தையும் முன்வாசிப்பின் சுத்தமான பகுதி முடிந்த இடத்தையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தோம்.

```
இயல்பு      : CAGAGG TT CT TT GAGTCC
முன்வாசிப்பு : CAGAGG TT ->
பின்வாசிப்பு :           <- TT GAGTCC
```

வெறும் தரக்குறைவு என்றால் இரண்டு வாசிப்புகளும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் கெட்டுப்போக வேண்டிய அவசியமில்லை. 425-ம் 290-ம் கூட்டினால் 715, துண்டின் முழு நீளம். வரைவு அறிக்கையிலேயே அந்த இரண்டு எண்களும் இருந்தன.

படத்தில் நடுவே காணாமல் போனது CT என்ற இரண்டு எழுத்து மட்டும்போல் தெரியும், ஆனால் நகர்வோ நான்கு. காரணம் அங்கே இருபுறமும் TT இருப்பதுதான். குறைந்த பிரதியில் ஒரே ஒரு TT இருக்கிறது, அதை முன்வாசிப்பும் தன்னுடையது என்று எண்ணுகிறது, பின்வாசிப்பும் தன்னுடையது என்று எண்ணுகிறது. அதனால் போனது TTCT என்றும் எழுதலாம், CTTT என்றும் எழுதலாம், கிடைக்கும் வரிசை ஒன்றே. முடிந்தவரை வலப்பக்கம் தள்ளி எழுத வேண்டும் என்ற விதிப்படி இது c.126_129delCTTT. பழைய பெயரில் சொன்னால் கோடான் 41/42-ல் நான்கு எழுத்து நீக்கம். இந்தியாவில் அறியப்பட்ட பீட்டா தலசீமியா பிழைகளில் இதுவும் ஒன்று. நான்கு என்பது மூன்றின் மடங்கு இல்லை என்பதால் அதற்குப் பின் புரத வரிசை முழுவதும் பிசகிவிடுகிறது. அந்தப் பிரதியிலிருந்து பீட்டா குளோபின் சுத்தமாக உருவாவதில்லை.

உறுதி செய்ததும், குடும்பத்தின் கேள்வியும்

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஒரே குழாய் ரத்தத்தை நம்பி முடிவு சொல்லவில்லை. மனைவியிடம் புதிதாக ரத்தம் எடுத்து, வேறு முறையில் பார்த்தோம். பிழையுள்ள பிரதியில் மட்டும் கடைசி எழுத்து பொருந்தும்படி அமைத்த பிரைமரைக் கொண்டு செய்யும் பிசிஆர் அது. ஒரே நாளில் முடிந்துவிடும். நான்கு எழுத்து நீக்கத்துக்கான பட்டை வந்தது. இரண்டு பிரதிகளையும் பாக்டீரியாவில் தனித்தனியாகப் பிரித்து வளர்த்து மறுபடி படிப்பது இன்னும் அழகான வழிதான், ஆனால் அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கர்ப்பம் அதுவரை காத்திருக்காது.

ஆலோசனைக்கு மனைவியின் அப்பாவும் வந்திருந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. “மாப்பிள்ளை எங்க வீட்டுக்காரி அண்ணன் மகன்தாம்மா. ஒரே ரத்தம். அவருக்கு இருக்கிறதுதான இவளுக்கும் இருக்கணும்? வேற எப்படி வரும்?”

எங்களுக்குள்ளும் அந்த எதிர்பார்ப்பு இருந்தது. உறவுக்குள் கல்யாணம் என்றதும் மனைவிக்கும் IVS1-5 தான் இருக்கும் என்று நினைத்து முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்திருந்தோம். அது சுத்தமான G. அந்த எதிர்பார்ப்போடு பார்த்தால், மீதிப் படத்தைத் தரக்குறைவு என்று ஒதுக்குவது இன்னும் சுலபமாகிவிடும்.

“ஐயா, மாப்பிள்ளையோட உறவு உங்க வீட்டம்மா வழியில. உங்க மகளுக்குப் பாதி உங்ககிட்ட இருந்தும் வந்திருக்குல்ல” என்று ஆலோசகர் விளக்கி, அவருடைய ரத்தத்தையும் கேட்டார். அவரது படத்திலும் அதே இடத்தில், அதே நான்கு எழுத்து நகர்வு இருந்தது. மனைவியின் அம்மாவுக்கு ஏ2 அளவு இயல்பாக இருந்தது. கணவரின் பிழை வேறு வழியில், மனைவியின் பிழை அவர் அப்பா வழியில் வந்தது என்று உறுதியானது.

கருவின் பரிசோதனை

பன்னிரண்டாவது வாரத்தில் கோரியான் திசு எடுக்கப்பட்டது. தாயின் திசு ஒட்டியிருந்ததை நுண்ணோக்கியின் கீழ் பிரித்து நீக்கினார்கள்.

இங்கே வாசிக்க வேண்டிய இடங்கள் இரண்டு, பார்க்கும் விதமும் இரண்டு. 267-ல் ஓர் எழுத்து இரட்டைச் சிகரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 425-க்குப் பிறகு எல்லா எழுத்திலும் கலக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதில் இன்னொரு விஷயமும் தெரியவரும். தாயின் செல்கள் கொஞ்சம் கலந்திருந்தால் 425-க்குப் பிறகு ஒவ்வோர் இடத்திலும் தாயின் நீங்கிய வரிசை பாதியாக இல்லாமல் மிகச் சிறிய உயரத்தில், ஆனால் அதே நான்கு எழுத்து நகர்வில் எட்டிப்பார்க்கும். ஒற்றை எழுத்துப் பிழையில் அப்படிப்பட்ட சிறு சிகரத்தை அடித்தள இரைச்சல் என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். தொடர் நகர்வாக வந்தால் இரைச்சலோடு குழப்பிக்கொள்ள முடியாது.

கருவின் படத்தில் 267-ல் நீலமும் கருப்பும் சரிபாதி. 425-க்குப் பிறகு 640 வரை ஒற்றைச் சிகரங்கள் மட்டுமே, கீழே எந்த நிழலும் இல்லை. தாயின் செல் கலப்பைத் தனியாகக் கண்டறியும் அடையாளப் பரிசோதனையும் கலப்பில்லை என்றே சொன்னது. அப்பாவின் பிழை மட்டும் வந்திருக்கிறது, குழந்தை அப்பாவைப் போலத் தாங்கியாக இருக்கும் என்று எழுத்தில் கொடுத்தோம். கர்ப்பம் தொடர்ந்தது. பெண் குழந்தை, நிறைமாதத்தில் பிறந்தது. தொப்புள்கொடி ரத்தத்தில் மறுபடி பார்த்தபோதும் அதே முடிவு.

வரைவு அறிக்கை அப்படியே போயிருந்தால், மனைவிக்கு ‘பிழை கண்டறியப்படவில்லை’ என்ற நிலையிலேயே பன்னிரண்டாவது வாரம் வந்திருக்கும். நாங்கள் அடுத்ததாக மரபணுவின் பின்பாதியைப் படித்திருப்போம், பெரிய நீக்கங்களைத் தேடியிருப்போம். அவையும் ஒன்றும் தந்திருக்காது. நாட்கள்தான் போயிருக்கும்.

மாற்றிக்கொண்டவை

தானாக வெட்டும் அமைப்பை நீக்கவில்லை. ஒரு தட்டில் நிறைய மாதிரிகள் வரும்போது அது தேவை. ஆனால் வெட்டப்பட்ட வரிசையை மட்டும் வைத்து இனி அறிக்கை எழுதுவதில்லை. ஒவ்வொரு கோப்பையும் வெட்டாத நிலையில் ஒருவர் முழுதாகப் படித்து, கலக்கம் தொடங்கும் இடத்தை எண்ணாகக் குறிக்க வேண்டும். அந்த எண் அதே தட்டின் மற்ற மாதிரிகளைவிட மிக முன்னால் வந்தால், அல்லது இரண்டு பக்கத்து எண்களின் கூட்டுத்தொகை துண்டின் நீளத்தை ஒட்டி வந்தால், மறுபடி அனுப்புவதற்கு முன் கையால் பிரித்துப் பார்க்கிறோம்.

ஏ2 அளவு உயர்ந்திருக்கும் ஒருவருக்கு ‘பிழை இல்லை’ என்ற சொல்லை இந்தத் துண்டை மட்டும் வைத்து எழுதுவதையும் நிறுத்திவிட்டோம். மரபணுவின் பின்பகுதியைத் தாக்கும் 619 எழுத்து நீக்கம் இந்தியாவில் உண்டு. அது இந்த 715 எழுத்துத் துண்டுக்கு வெளியே இருக்கிறது. இதில் எவ்வளவு கவனமாகப் படித்தாலும் அது தெரியாது.

முன் பிரைமரை ATG-யிலிருந்து இன்னும் சுமார் 120 எழுத்து தள்ளி வைத்தோம். ஊக்கிப் பகுதியில் −88 என்று குறிக்கப்படும் இடத்தில் அறியப்பட்ட ஒரு பிழை உண்டு. பழைய பிரைமரில் அது 32-வது எழுத்தாக, படிக்கவே முடியாத தொடக்கத்துக்குள் விழுந்தது. இதுவரை அதைப் பின்வாசிப்பின் கடைசியிலிருந்துதான் படித்துக்கொண்டிருந்தோம், அங்கேயும் தரம் தேய்ந்த இடம் அது. இந்த மனைவியைப் போல நடுவில் நீக்கம் இருப்பவரிடம் அந்த வழியும் அடைபட்டுவிடும். புதிய பிரைமரில் அது 150-ஐ ஒட்டி வருகிறது, சாய மேடு வரக்கூடிய இடத்தையும் தாண்டிவிடுகிறது.

பின் பிரைமர் பக்கம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. இரண்டாவது இன்ட்ரானின் 74-வது எழுத்து பின்வாசிப்பின் முதல் 30 எழுத்துக்குள் இருக்கிறது. துண்டு இப்போது நீண்டுவிட்டதால் முன்வாசிப்பில் அது 800-ஐ நெருங்கிப் போகிறது, அங்கே சிகரங்கள் அகன்று ஒட்டிக்கொள்கின்றன. அது நோய் தரும் இடம் அல்ல. இருந்தாலும் அறிக்கையில் எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை இரண்டு பக்கமும் படித்தோம், எதை ஒரு பக்கம் மட்டும் படித்தோம், எதைப் படிக்கவே இல்லை என்பதை இப்போது எண்களோடு எழுதிக் கொடுக்கிறோம்.